கட்டடம் உறுதியாகத்தான் இருக்கிறது, தராசு ஏன் நிலைகொள்ளவில்லை? அலுவலகத் தளத்தின் அதிர்வும் அதன் வரம்புகளும்

ஐடி நிறுவனங்களுக்காகக் கட்டிய மாடிகளில் இப்போது பரிசோதனைக் கூடங்களும் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களும் குடிவருகின்றன. வந்த சில நாட்களில் புகார் எழும். நுண்தராசில் மாதிரியை வைத்துக் கண்ணாடிக் கதவை மூடுகிறார்கள். எண் நிற்கப்போகும் நேரத்தில் வெளியே வராந்தாவில் ஒருவர் நடந்துபோகிறார், கடைசி இரண்டு இலக்கங்களும் மேலும் கீழுமாக ஓடத் தொடங்குகின்றன. நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த செல்லின் விளிம்பு மங்குகிறது.

உடனே எழும் கேள்வி, "ஸ்லாப் பலவீனமா?" என்பது. கட்டுமானப் பொறியாளர் வந்து பார்த்து, சுமைத் திறன் போதும், தொய்வு வரம்புக்குள் இருக்கிறது, விரிசல் இல்லை என்று எழுதிக் கொடுக்கிறார். அவர் சொல்வது சரி, தராசு காட்டுவதும் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள், அவ்வளவுதான்.

## வலிமை வேறு, அதிர்வு வேறு

ஒரு ஸ்லாப் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது வலிமை. எடை வைத்தால் எவ்வளவு வளையும் என்பது விறைப்பு. தட்டினால் எப்படி ஆடும் என்பதை விறைப்பு, நிறை, ஆட்டத்தை அடக்கும் தணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அலுவலகத்துக்கு இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 சொல்லும் சுமை, சதுர மீட்டருக்கு 2.5 முதல் 4 கிலோநியூட்டன். அதைத் தாங்கும் தளம் ஒரு மனிதர் நடப்பதைத் தாங்காதா என்ன? தாங்கும். ஆனால் தராசுக்குத் தொல்லை தருவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசைவு. வலிமைக் கணக்கில் அப்படியொரு எண் எங்குமே வராது.

கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தொய்வைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. நடப்பதால் வரும் அதிர்வுக்கு அதில் கணக்கு முறை இல்லை. எஃகுக் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 800:2007இன் பின்னிணைப்பு ஒன்றில் தள அதிர்வு வருகிறது. அதுவும் மனிதர்களின் சௌகரியத்தைக் கருதியது, கருவிகளை அல்ல. அதனால்தான் நம்மூரில் இந்த வேலை வந்தால், அமெரிக்க எஃகுக் கட்டுமான நிறுவனத்தின் 11ஆம் வடிவமைப்பு வழிகாட்டியையோ, பிரிட்டனின் கான்கிரீட் சென்டர் 2006இல் வெளியிட்ட முறையையோ கையிலெடுக்கிறோம். கீழே வரும் கணக்கு இரண்டாவதை ஒட்டியது.

## இயல்பு அதிர்வெண்: தளத்துக்கென்று ஒரு தாளம்

ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அது தன் போக்கில் ஒரே சீராக ஆடும். வேகமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய மாறாது. ஸ்லாப்பும் அப்படித்தான். குதிகாலைத் தூக்கிப் பொத்தென்று வைத்தால், விநாடிக்கு இத்தனை முறை என்று தனக்கே உரிய கணக்கில் மேலும் கீழும் ஆடி அடங்கும். அதுதான் இயல்பு அதிர்வெண், அலகு ஹெர்ட்ஸ். விறைப்பு கூடினால் இது உயரும், நிறை கூடினால் இறங்கும்.

இதைத் தோராயமாகக் கண்டுபிடிக்க ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. தளத்தின் சொந்த எடையாலும் அதன்மேல் உண்மையில் இருக்கும் எடையாலும் நடுவில் ஏற்படும் உடனடித் தொய்வை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டால்,

```
f = 18 / √δ
```

4 மி.மீ. தொய்வு என்றால் 9 ஹெர்ட்ஸ். 9 மி.மீ. என்றால் 6 ஹெர்ட்ஸ். எடை, விறைப்பு இரண்டும் தொய்வுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் இந்தச் சூத்திரம் வேலை செய்கிறது.

இதைப் போடும்போது நடக்கும் தவறுகளில் மூன்றை அடிக்கடி பார்க்கலாம்.

1. வடிவமைப்புச் சுமையை முழுசாகப் போட்டுவிடுவது. 4 கிலோநியூட்டன் என்பது என்றோ ஒருநாள் வரக்கூடிய உச்சம். சாதாரண நாளில் மேசை, நாற்காலி, ஆள் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் அரை கிலோநியூட்டன்தான். 'அதிகமாகப் போட்டால் பாதுகாப்பு' என்பது வலிமைக் கணக்கில் செல்லும். இங்கே அதிக நிறை என்றால் அதிர்வெண் குறையும், ஆனால் தளத்தை ஆட்டுவதும் கடினமாகும். எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. உள்ளதைப் போடுவதுதான் சரி.

2. நீண்டகாலத் தொய்வைப் போடுவது. ஆண்டுக்கணக்கில் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்வது அதிர்வில் சேராது. சின்ன, வேகமான அசைவுக்குக் கான்கிரீட் வழக்கத்தைவிட விறைப்பாகவே நிற்கும். எம்30 கான்கிரீட்டுக்கு நெகிழ்ச்சிக் குணகம் 27 கிகாபாஸ்கல் என்று கணக்குப் போடுகிறோமே, அதிர்வுக்கு 34 போல எடுக்கலாம்.

3. மென்பொருள் காட்டும் தொடர் பீம்களின் தொய்வை அப்படியே எடுப்பது. மூன்றிலும் ஆபத்தானது இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பீம் பல தூண்கள் மேல் தொடர்ந்து ஓடும்போது, எல்லாப் பகுதியிலும் எடை கீழ்நோக்கி அழுத்துகிறது. பக்கத்துப் பகுதி இந்தப் பகுதியைப் பிடித்துக்கொள்வதால் தொய்வு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆனால் தளம் ஆடும்போது ஒரு பகுதி கீழே போனால் அடுத்தது மேலே எழுகிறது. அப்போது யாரும் யாரையும் பிடிப்பதில்லை. தூணின் மேல் பீம் ஏற்ற இறக்கப் பலகைபோல் இரண்டு பக்கமும் சாய்ந்தாடுகிறது. அதனால் சம நீளமுள்ள தொடர் பீம்களின் மிகக் குறைந்த இயல்பு அதிர்வெண், தனியாக இரு முனையில் தாங்கிய ஒற்றை பீமின் அதிர்வெண்ணேதான். தொடர்ச்சியால் குறைந்த தொய்வைச் சூத்திரத்தில் போட்டால் 5 ஹெர்ட்ஸ் தளம் காகிதத்தில் 8 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பிறகு அளந்து பார்க்கும்போது கருவிமேல் சந்தேகம் வரும்.

## ஒரு தளத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடி. தூண்கள் இரு திசையிலும் 9 மீட்டர் இடைவெளி. ஸ்லாப் 150 மி.மீ. துணை பீம்கள் 230 × 600 மி.மீ., 3 மீட்டருக்கு ஒன்று. அவற்றைத் தாங்கும் முதன்மை பீம்கள் 400 × 750 மி.மீ. எம்30 கான்கிரீட். ஓடு, காரை, குழாய், மேசை எல்லாம் சேர்த்து மொத்த நிறை சதுர மீட்டருக்குச் சுமார் 700 கிலோ.

ஸ்லாப்பும் சேர்ந்து டி வடிவத்தில் வேலை செய்வதாகவும், கான்கிரீட் விரிசல் விடவில்லை என்றும் வைத்துக்கொண்டால்,

- துணை பீமின் தொய்வு 4.8 மி.மீ. இதை மட்டும் வைத்தால் 8.2 ஹெர்ட்ஸ்.
- முதன்மை பீமின் தொய்வு 5.3 மி.மீ.
- இரண்டும் சேர்ந்து 10.1 மி.மீ., அதாவது 5.7 ஹெர்ட்ஸ்.

துணை பீம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதுவும் ஆடுகிறது. ஆகவே தொய்வுகளைக் கூட்டித்தான் போட வேண்டும், அதிர்வெண்களைச் சராசரி எடுக்கக் கூடாது. முதன்மை பீமை மறந்துவிட்டால் 8 ஹெர்ட்ஸ் என்று நம்பிவிடுவோம்.

அடுத்தது விரிசல். இந்த அளவு எடையில் துணை பீமின் அடிப்பகுதியில் வரும் இழுவிசை, எம்30 தாங்கும் இழுவிசையைவிட அதிகம். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கும், அது இயல்புதான். அதற்காக விறைப்பை 70 சதவீதமாகக் குறைத்தால் தொய்வு 14.4 மி.மீ. ஆகிறது, அதிர்வெண் 4.7 ஹெர்ட்ஸ். ஆக இந்தத் தளம் 4.7க்கும் 5.7க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஒற்றை எண்ணைத் துல்லியமாகச் சொல்லும் அறிக்கையைவிட இப்படி ஒரு வீச்சைச் சொல்லும் அறிக்கையை நான் அதிகம் நம்புவேன். கணக்கை மேலே கொண்டுபோக 5 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதே ஸ்லாப் தொய்வு விதிப்படி ஜோராகத் தேறும். 9 மீட்டருக்கு 250இல் ஒரு பங்கு என்றால் 36 மி.மீ. வரை அனுமதி உண்டே!

## ஒருவர் நடந்தால் என்ன ஆகும்?

மனிதர் விநாடிக்கு 1.6 முதல் 2.2 அடிவரை எடுத்துவைக்கிறார். 5 ஹெர்ட்ஸ் தளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். காலடியின் அழுத்தம் ஒரே மென்மையான அலையாக இறங்குவதில்லை. குதிகால் ஒரு தட்டு, முன்பாதம் ஒரு தள்ளு என்று கலவையாக இறங்குகிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் நடை வேகத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களிலும் சிறு சிறு விசைகள் இருக்கும்.

நிமிடத்துக்கு 100 அடி என்றால் விநாடிக்கு 1.67. அதன் மூன்று மடங்கு சரியாக 5 ஹெர்ட்ஸ். நிதானமாக நடக்கும் ஒருவரின் ஒவ்வொரு அடியும் தளம் மூன்றாவது முறை ஆடி முடிக்கும் நேரத்தில் வந்து விழுகிறது. ஊஞ்சலை மூன்று சுற்றுக்கு ஒருமுறை சரியான நேரத்தில் தள்ளுவதுபோல. இதுதான் ஒத்ததிர்வு. 2011 ஜூலையில் சியோலின் 39 மாடி டெக்னோமார்ட் கட்டடம் திடீரென ஆடி, ஆட்களை வெளியேற்றினார்கள். காரணம் 12ஆம் மாடி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டமாகத் தாளத்துக்குக் குதித்தவர்கள் என்று பிறகு கண்டறியப்பட்டது. அங்கே நடந்ததும் இதே தள்ளல்தான், அளவு மட்டும் பெரிது.

நான்காவது மடங்குக்கு மேலே விசை மிகச் சிறியது. ஆகவே இயல்பு அதிர்வெண் சுமார் 10 ஹெர்ட்ஸுக்கு மேல் போய்விட்டால் ஒத்ததிர்வு கவலை நீங்கும். அங்கே ஒவ்வொரு அடியும் தனித்தனித் தட்டு. அடுத்த அடி விழும்முன் பெரும்பாலும் அடங்கிவிடும். அதிர்வு இல்லாமல் போகாது, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராது, அவ்வளவே.

நம் தளம் 5 ஹெர்ட்ஸ் என்பதால் ஒத்ததிர்வுக் கணக்குத்தான் போட வேண்டும்.

```
a = F / (2 × ζ × M)
```

1. `F` என்பது மூன்றாம் மடங்கு விசை. 70 கிலோ மனிதருக்கு 5 ஹெர்ட்ஸில் சுமார் 45 நியூட்டன்.

2. `ζ` தணிப்பு. ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதற்கான அளவு. வெறும் கான்கிரீட் தளத்தில் 1 முதல் 2 சதவீதம், மேசை, தடுப்பு, கூரைப்பலகை எல்லாம் வந்த தளத்தில் சுமார் 3 சதவீதம். இங்கே 0.03.

3. `M` ஆட்டத்தில் பங்கேற்கும் நிறை. நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம் 81 சதுர மீட்டர், 57 டன். ஆனால் நடுவில் முழுசாகவும் ஓரத்தில் கொஞ்சமாகவும் ஆடுவதால் அதில் கால்வாசிதான் கணக்கில் வரும். பக்கத்துக் கட்டமும் கூட ஆடுவதைச் சேர்த்துத் தோராயமாக 25 டன் என்று வைப்போம்.

45ஐ 1500ஆல் வகுத்தால் விநாடி வர்க்கத்துக்கு 0.03 மீட்டர் முடுக்கம், புவியீர்ப்பில் 0.3 சதவீதம். நடப்பவரும் உட்கார்ந்திருப்பவரும் ஒரே கட்டத்தின் நட்டநடுவில் இருப்பது அரிது என்பதால் பாதியாக்குவது வழக்கம். அப்போது 0.15 சதவீதம்.

## வரம்பு யாருக்கு?

அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு 11ஆம் வழிகாட்டி தரும் வரம்பு 0.5 சதவீதம். நம் தளம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கணினி முன் வேலை செய்பவருக்கு எதுவும் தெரியாது, புகார் வராது. ஐடி நிறுவனம் இருந்தவரை ஒரு சிக்கலும் எழாததற்குக் காரணம் இதுவே.

கருவிகளின் வரம்பை முடுக்கத்தில் சொல்வதில்லை, திசைவேகத்தில் சொல்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில், சிப் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், எரிக் உங்கரும் காலின் கார்டனும் உருவாக்கிய வரைகோடுகள்தான் இன்றும் புழக்கத்தில் உள்ளன. விசி கோடுகள் என்பார்கள். ஏ, பி, சி, டி, ஈ என்று ஒவ்வொரு படிக்கும் வரம்பு பாதியாகும்.

- சாதாரண அலுவலகம்: விநாடிக்கு 400 மைக்ரான்
- அறுவை அரங்கு: 100
- விசி-ஏ: 50. நுண்தராசு, 400 மடங்கு வரையிலான ஒளி நுண்ணோக்கி இதில் வரும்
- விசி-சி: 12.5. 1000 மடங்கு நுண்ணோக்கிகள்
- விசி-ஈ: சுமார் 3. மிக நுட்பமான கருவிகளுக்கு

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. முதலாவது, இவை அலையின் உச்ச மதிப்பு அல்ல, வர்க்க சராசரியின் மூல மதிப்பு. சீரான அலைக்கு உச்சத்தை 1.41ஆல் வகுத்தால் கிடைப்பது. அதுவும் மொத்த அதிர்வுக்கு அல்ல, மூன்றில் ஒரு பங்கு ஆக்டேவ் என்ற குறுகிய அதிர்வெண் பட்டை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக. கருவி தயாரிப்பாளர் உச்சத்தைத் தந்திருக்க, அளந்தவர் சராசரியைத் தந்திருக்க, இருவரும் மாதக்கணக்கில் சண்டை போட்ட கதைகள் இந்தத் துறையில் சகஜம்.

இரண்டாவது, மேலே உள்ள எண்கள் 8 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே விசி-ஏ, விசி-பி கோடுகளும் அலுவலகக் கோடும் கொஞ்சம் தளர்ந்து மேலே ஏறுகின்றன. விசி-ஏ 5 ஹெர்ட்ஸில் 50 அல்ல, 80. விசி-சி முதலான கடுமையான கோடுகளில் இந்தச் சலுகை கிடையாது.

சரி, நம் தளத்துக்கு வருவோம். 0.03 முடுக்கத்தைத் திசைவேகமாக மாற்றி, சராசரியாக்கினால் விநாடிக்கு சுமார் 675 மைக்ரான். பாதியாக்கினால் 340. அலுவலகக் கோடு 5 ஹெர்ட்ஸில் 640 என்பதால் மனிதர்களுக்குத் தேறுகிறது. தராசுக்கு வேண்டியது 80. நான்கு மடங்குக்கு மேல் அதிகம். அசைவாகச் சொன்னால், தளம் நடுநிலையிலிருந்து மேலே 15, கீழே 15 மைக்ரான் போய்வருகிறது. இதைப் பார்த்துத் தராசின் எண் நிற்கவில்லை என்றால், தராசு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

## கணக்கை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்

கணக்கில் தணிப்பும் பங்கேற்கும் நிறையும் அனுமானங்கள். கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது என்றால் அளப்பதே நேர்வழி. அரை நாள் வேலை.

1. கருவி வரப்போகும் இடத்திலும், அந்தக் கட்டத்தின் நட்டநடுவிலும் உணரிகளை வைக்க வேண்டும். ஓட்டின்மேல் நேராக, ஆடாமல் உட்கார வேண்டும். மிதியடி, பொய்த்தளப் பலகை ஆகியவற்றின் மேல் வைத்தால் பலகையின் ஆட்டம்தான் பதிவாகும்.

2. யாரும் நடக்காத நேரத்தில் சில நிமிடப் பதிவு. இது பின்னணி.

3. கட்டத்தின் நடுவில் ஒருவர் குதிகாலைத் தூக்கி ஒருமுறை வைக்கிறார். திரையில் அலை எழுந்து தேய்ந்து அடங்கும். அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் இயல்பு அதிர்வெண்ணைத் தரும், தேயும் வேகம் தணிப்பைத் தரும்.

4. இனி நடைச் சோதனை. அலைபேசியில் தாளமானி செயலியை நிமிடத்துக்கு 90இல் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டி 130 வரை கொண்டுபோய், ஒவ்வொரு வேகத்திலும் ஒருவரை வராந்தா முழுக்க நடக்கவிட வேண்டும். நம் தளத்தில் 100ஐ நெருங்கும்போது பதிவு சட்டென்று உயரும், 110 தாண்டினால் இறங்கும். சாதாரணமாக நடக்கச் சொல்லி மட்டும் அளந்தால் அந்த உச்சம் தப்பிப்போகலாம்.

குற்றவாளி யார் என்பதும் இந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும். நடக்கும்போது மட்டும் 5 ஹெர்ட்ஸில் எழுந்தால் காலடி. ஆளே இல்லாதபோதும் 24 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான கோடு விடாமல் நின்றால் அது மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று, விநாடிக்கு 24. ஏசி இயந்திரத்தின் தாங்கியைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் ஸ்லாப்பைக் குறைசொல்லிப் பயனில்லை.

## என்ன செய்யலாம், எது வீண்

முதலில் வீண் செலவு. கருவிக்கு அடியில் ரப்பர் திண்டு வைப்பார்கள், மலிவு, ஒரு மணி நேர வேலை. ரப்பர்மேல் உட்கார்ந்த கருவிக்கும் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. பெரும்பாலான திண்டுகளில் அது 8 ஹெர்ட்ஸுக்கு மேல். 10 ஹெர்ட்ஸ் திண்டு 5 ஹெர்ட்ஸ் ஆட்டத்தைத் தடுப்பதில்லை, 1.3 மடங்காகப் பெருக்கும். திண்டு வைத்த பிறகு நிலைமை மோசமானது என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை. இன்னும் மென்மையாக 4 ஹெர்ட்ஸ் திண்டு தேடி வைத்தால் ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில் போய் ஆட்டம் ஒன்றேமுக்கால் மடங்காகும்.

உண்மையான தனிமைப்படுத்தல் வேண்டுமென்றால் மேசையின் இயல்பு அதிர்வெண் தளத்தைவிட வெகு கீழே இருக்க வேண்டும். காற்றுத்தாங்கி மேசைகள் 1.5 ஹெர்ட்ஸ் அளவுக்கு வரும். 5 ஹெர்ட்ஸ் ஆட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும். 340 என்பது 34 ஆகிவிடும். ஒன்றிரண்டு கருவிகளுக்கு இது நல்ல வழி. பத்து மேசை என்றால் செலவு கையைக் கடிக்கும், காற்றுக்குழாய் வேறு இழுக்க வேண்டும்.

தளத்தையே விறைப்பாக்கலாமா? 5இலிருந்து 12 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற, விறைப்பு கிட்டத்தட்ட 6 மடங்கு வேண்டும். அதற்குப் பிறகும், ஒவ்வொரு அடியும் தனித்தட்டாக விழும் கணக்கில், அதே 25 டன்னுக்கு நடுக்கட்டத்தில் 85 மைக்ரான் வருகிறது. இடத்துக்கான பாதிக் குறைப்பைக் கொடுத்தால்தான் 50 என்ற கோட்டுக்குள் நுழைகிறது. கட்டி முடித்த கட்டடத்தில் இவ்வளவு செய்து இவ்வளவுதான் கிடைக்கும். புதிதாகக் கட்டும்போதே சொல்லியிருந்தால் தூண் இடைவெளியைக் குறைத்திருக்கலாம் என்பது உண்மை, ஆனால் இப்போது உதவாது.

மிச்சமிருப்பது இடம். காசு அதிகம் கேட்காத வழி இது, பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். தூண்மேல் தளம் ஆடுவதில்லை. முதன்மை பீமின்மேல், தூணிலிருந்து 1 மீட்டர் தள்ளி, ஆட்டம் நடுவில் உள்ளதில் 0.18 பங்குதான். ஆள் நட்டநடுவில் நடந்தாலும் அங்கே வருவது 675இல் 0.18, சுமார் 120 மைக்ரான். இன்னும் 80க்குள் வரவில்லை. வராந்தாவையும் கட்டத்தின் நடுவிலிருந்து நகர்த்தி, தூண்வரிசையை ஒட்டி நடை விசை 0.4 பங்காகக் குறையும் இடத்தில் போட்டால் சுமார் 50க்கு இறங்குகிறது, வரம்புக்குள். தரையிலிருந்து கூரைவரை முழு உயரத் தடுப்புச் சுவர்களை எழுப்பினால் தணிப்பும் கூடும், அது கூடுதல் லாபம்.

ஆக இந்தத் தளத்துக்கு என் தேர்வு: தராசுகளும் நுண்ணோக்கிகளும் தூண்களை ஒட்டி, கோப்பு அலமாரியும் மேசைகளும் கட்டத்தின் நடுவில், வராந்தா தூண்வரிசையில். மிக நுட்பமான ஒரு கருவி இருந்தால் அதற்கு மட்டும் காற்றுத்தாங்கி மேசை. 1000 மடங்கு நுண்ணோக்கியும் வரப்போகிறது என்றால் இந்த மாடியே வேண்டாம்; காற்றுத்தாங்கி மேசை இல்லாமல் 12.5 மைக்ரானை இந்த ஸ்லாப்பில் எட்ட முடியாது, தரைத்தளத்தில் மண்மேல் போட்ட தளம் தேட வேண்டும்.

தடுப்புகளும் சாமான்களும் வந்த பிறகு அதே தாளமானியோடு மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். அந்தப் பதிவோடு வராந்தாவின் பாதையைக் குறித்த வரைபடத்தையும் சேர்த்து வைப்பது அவசியம். ஏனென்றால் இரண்டு ஆண்டு கழித்து யாராவது ஒரு தடுப்பை எடுத்துவிட்டு, கட்டத்தின் நடுவே குறுக்குவழி திறந்துவிடுவார்கள். அன்று தராசின் கடைசி இலக்கம் மறுபடி ஓடத் தொடங்கும்போது, ஸ்லாப்பில் என்ன மாறியது என்று தேடுபவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.